தளர்ந்த காலுறையின் விளிம்பை மடிக்காதீர்கள்

கேள்வி: இடது காலின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டு வந்ததால், ஒன்பது மாதங்களாக முழங்கால் வரையிலான இரண்டாம் வகுப்பு அழுத்தக் காலுறை அணிகிறேன். துவைத்தால் இழுவை போய்விடும் என்று இணையத்தில் படித்ததால் வாரம் ஒருமுறைதான் துவைக்கிறேன். ஆனாலும் அது தளர்ந்து இறங்குவதால் மேல்விளிம்பை மடித்துப் போடுகிறேன். காலில் தடம் பதிகிறது, தோல் அரிக்கிறது. கட்டு திரும்ப வந்துவிடுமோ?

பதில்: கட்டு திரும்பாமல் காப்பது முக்கியமாக ரத்தம் உறைவதைத் தடுக்க நீங்கள் எடுக்கும் மருந்துதான், காலுறையின் வேலை வீக்கத்தையும் வலியையும் குறைப்பது. எனவே அது தளர்ந்ததை எண்ணி அஞ்ச வேண்டாம், மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் அந்த மடிப்பை இன்றே நீக்கிவிடுங்கள்.

இந்தக் காலுறையில், நைலான் சுற்றப்பட்ட, ரப்பர்போல் இழுபடும் எலாஸ்டேன் நூல் பின்னலின் கண்ணிகளுக்கு இடையே காலைச் சுற்றி ஓடுகிறது. பின்னும் இயந்திரம் கணுக்காலில் அந்த நூலை இறுக்கமாகவும் கண்ணிகளைச் சிறிதாகவும் அமைத்து, மேலே போகப் போக இரண்டையும் தளர்த்துகிறது. அதனால் அழுத்தம் கீழே மிகுந்தும் மேலே குறைந்தும் நின்று, ரத்தம் மேல்நோக்கிச் செல்ல உதவுகிறது. கணுக்காலில் 25, முழங்காலுக்குக் கீழே 16 மில்லிமீட்டர் பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பை மடித்தால் அங்கே இரண்டு அடுக்குகளின் அழுத்தமும் சேர்ந்து ஏறக்குறைய 32 ஆகிவிடும். ஏறவேண்டிய ரத்தத்தை நீங்களே கயிறு கட்டித் தடுப்பதற்கு அது சமம்.

துவைப்பதைப் பற்றி நீங்கள் படித்தது தலைகீழான செய்தி. நாள் முழுவதும் இழுபட்ட நூல் சற்றே நீண்டுவிடுகிறது, வியர்வையும் தோலின் எண்ணெயும் கண்ணிகளில் படிகின்றன. துவைக்கும்போது அவை நீங்கி, பின்னல் தன் பழைய அளவை நோக்கிச் சுருங்குகிறது. ஆகவே தினமும் மிதமான சோப்பில், 40 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத நீரில் துவையுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். எலாஸ்டேனைக் கெடுப்பவை கடும் வெப்பமும் ப்ளீச்சும்தான். துணியை மென்மையாக்கும் திரவத்தையும் தவிர்த்துவிடுங்கள். எவ்வளவு கவனமாகத் துவைத்தாலும் தினசரி அணியும் காலுறைக்குப் பொதுவாக ஆறு மாதம்தான் ஆயுள். உங்களுடையது அதைக் கடந்துவிட்டதால், வீக்கம் ஏறாத காலை வேளையில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளக்கச் செய்து புதியது வாங்குங்கள்.

சிறிது நேரத்தில் மறையும் பின்னல் தடத்தால் தீங்கில்லை. அரிப்புக்கு, இரவில் காலுறையைக் கழற்றிய பின் ஈரப்பதக் களிம்பு பூசினால் போதும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே இரு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளந்து குறித்து வையுங்கள். ஒரு கால் புதிதாக வீங்கி, மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பெருத்தாலோ, அளவு அவ்வளவு மாறாமலே புதிய வலி தொடங்கினாலோ, காலுறையை ஆராய்ந்துகொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.