நீண்ட கேண்டிலைத் துரத்தும் பதற்றமும் புல்பேக் விதியும்

கேள்வி: விலை வரைபடத்தில் ஏற்றத்தைக் காட்டும் பெரிய பச்சை கேண்டிலைப் பார்த்ததும் "விட்டுவிடுவோமோ" என்று வாங்கிவிடுகிறேன், உடனே விலை இறங்குகிறது. எப்படிக் காத்திருப்பது?

இந்தப் பதற்றத்தைத்தான் ஃபோமோ என்கிறார்கள். வேகமெடுத்துவிட்ட பேருந்தில் தொற்றி ஏறுவது போன்றது அது. பேருந்து சரியானதாகவே இருக்கலாம், ஏறும் இடம்தான் ஆபத்து.

விலை 100-லிருந்து ஒரே கேண்டிலில் 108 ஆனது, இலக்கு 112 என்று வைத்துக்கொள்வோம். 108-ல் வாங்கினால் ஸ்டாப் லாஸை, அதாவது நஷ்டத்தோடு விற்று வெளியேறும் விலையை, 100-க்குக் கீழேதான் வைக்க முடியும். 4 கிடைப்பதற்காக 8-க்கும் மேல் பணயம் வைக்கிறீர்கள். கீழே வாங்கியவர்கள் லாபத்தை எடுப்பதும் பெரும்பாலும் இந்த உயரத்தில்தான்.

என் விதி: கேண்டில் வழக்கமான நீளத்தைப் போல இரு மடங்கைத் தாண்டினால் அதில் வாங்குவதில்லை. விலை அதன் பாதி வரை, அதாவது 104-ஐ ஒட்டி இறங்கட்டும். ஏற்றத்துக்கு நடுவே வரும் இந்தத் தற்காலிக இறக்கம்தான் புல்பேக். அப்புறம் ஒரு கேண்டில் மேல்நோக்கி 105-ல் முடிந்தால் வாங்கலாம், ஸ்டாப் 103. இப்போது பணயம் 2, வாய்ப்பு 7. ஐந்து கேண்டிலுக்குள் இறங்கவில்லையா? சரி, அந்த வர்த்தகத்தை விட்டுவிடுங்கள். (கடினமான பகுதி இதுதான்.)

இறங்குவதெல்லாம் புல்பேக் என்று பலர் நினைக்கிறார்கள். விலை 100-க்குக் கீழே போய்விட்டால் அந்த ஏற்றமே தோற்றுவிட்டது, அங்கே இந்த விதி செல்லாது.