கொதித்தாறிய கிணற்றுத் தண்ணீரும் மேசையில் படியும் வெள்ளைத் தூளும்

கேள்வி: இரவில் ஈரப்பதமூட்டியைப் போட்டால் காலையில் மேசையெல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கிறது. கொதித்தாறிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன். எப்படிச் சுத்தம் செய்வது?

இதே தவறை ஒரு முழுக் கச்சான் காற்றுக் காலம் செய்தவன் நான். மட்டக்களப்பில் ஈரப்பதமூட்டி எதற்கு என்று கேட்பவர்கள், விடிய விடிய ஏசி ஓடும் அறையில் மூக்குக் காய்ந்து இரத்தம் கசியும் பிள்ளையோடு ஒரு கிழமை படுத்துப் பார்க்கட்டும்.

உங்களுடையதும் குளிர்ந்த புகைபோல விடும் அல்ட்ராசோனிக் வகையாகவே இருக்க வேண்டும். அதன் அடியிலுள்ள சிறு தகடு அதிர்ந்து தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. அதில் கரைந்துள்ள சுண்ணாம்பும் உப்பும் துளியோடு பறந்து, துளி உலர்ந்ததும் தூளாக விழுகின்றன. கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்தலின் அடியில் படியும். மீதிச் சுண்ணாம்பும் உப்பும் தண்ணீரிலேயே நிற்கும்.

எங்கள் வீட்டில் புகை குறைந்தபோது, தகட்டில் ஏறியிருந்த பொருக்கை நான் கத்தியால் சுரண்டினேன். தகடு கீறுண்டு இயந்திரம் பழுதானது. இரண்டாவது இயந்திரத்தில்தான் பொறுமை வந்தது. மின்இணைப்பைக் கழற்றி, வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சமஅளவு கலந்து தகடு மூழ்குமளவுக்கு விட்டேன்; பொருக்கு நுரைத்தது, சுண்ணாம்புதான் என்று தெரிந்தது. அரை மணி நேரத்தின் பின் மென்மையான பற்தூரிகையால் தேய்க்க, தானாகவே கழன்றது.

வினாகிரி பொருக்கை அகற்றுமே தவிர, கிருமிநீக்கியாக அதை நம்ப முடியாது. தாங்கியின் சுவரைத் தடவும்போது வழுவழுப்பாகவோ, மூலைகளில் இளஞ்சிவப்பாகவோ இருந்தால் கிருமிகள் குடியேறிவிட்டன. வினாகிரியை முற்றாகக் கழுவிய பிறகு, நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வீட்டுப் பாவனைக் குளோரின் திரவம் கலந்து இருபது நிமிடம் விட்டு, மணம் போகும்வரை அலச வேண்டும். வினாகிரியையும் குளோரின் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு எழும். கையேடு குளோரினைத் தடுத்திருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

இத்தனைக்கும் பின் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் மறுநாளே தூள் வரும். காய்ச்சி வடித்த நீர் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஆர்ஓ வடிகட்டியில் வந்த குடிநீர் தூளை வெகுவாகக் குறைக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லையே என்று என் மாமா வாளி வைத்துப் பிடித்தார். அதில் ஏசிக்குள் சேர்ந்த அழுக்கும் பூஞ்சையும் வரும் என்பதால் நான் விடவில்லை.

இப்போது தினமும் காலையில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்டித் துடைத்து உலர விடுகிறேன். மூன்று நாளுக்கொருமுறை தாங்கியைத் தேய்த்துக் கழுவுகிறேன். மேசையில் கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்தால், ஒரு கிழமைக்குப் பிறகும் துணி கறுப்பாகவே இருக்கிறது.