பேசாமலே ஒருவரைப் பிடித்துப்போவது ஏன்?

கேள்வி: தினமும் ஒரே பஸ்ஸில் வரும் ஒருவரிடம் நான் பேசியதே இல்லை. ஆனாலும் அவர் வராத அன்று மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. இது காதலா?

காதல் என்று இப்போதே பெயர் வைக்க வேண்டாம். அதே நேரம், பொய்யான உணர்வு என்று ஒதுக்கவும் வேண்டாம். திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற முகம் மெல்ல மெல்லப் பிடித்துப்போகும். இதைச் சோதனை மூலம் எடுத்துக்காட்டியவர் ராபர்ட் ஸையான்ஸ் என்ற உளவியலாளர். 1968இல் வெளியான அவருடைய ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களின் படங்களைச் சிலவற்றை ஓரிரு தடவையும் சிலவற்றை 25 தடவை வரையும் காட்டினார்கள். அதிகம் பார்த்த முகங்களையே பலரும் விரும்பினார்கள். மியர் எக்ஸ்போஷர் விளைவு என்பது இதுதான்.

நாகர்கோவிலில் உளவியல் பாடம் எடுக்கும்போது நான் தவறாமல் சொல்வது மோர்லேண்ட், பீச் என்ற இருவர் 1992இல் வெளியிட்ட சோதனையை. ஏறக்குறைய ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பருவம் முழுக்க, ஒரு பெரிய வகுப்புக்கு ஒருத்தி 15 தடவை போனாள், இன்னொருத்தி 10, மற்றொருத்தி 5. நான்காமவள் போகவே இல்லை. உள்ளே வருவது, எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் உட்காருவது, வகுப்பு முடிந்ததும் கிளம்புவது, அவ்வளவுதான். யாரிடமும் பேசக் கூடாது. பருவ முடிவில் நால்வரின் படங்களையும் மாணவர்களிடம் காட்டினார்கள். அதிகம் வந்தவள் அதிகம் கவர்ந்திருந்தாள். ஆனால் அவளைப் பார்த்துப் பழகிய நினைவு பெரும்பாலோருக்குத் தெளிவாக இல்லை. உங்கள் கேள்விக்கு முக்கியமானது இந்த இடம்தான். அடிக்கடி பார்த்ததால் பிடித்தது என்பது நமக்கே தெரிவதில்லை, அவரிடமே ஏதோ இருக்கிறது என்று மனசு எடுத்துக்கொள்கிறது.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. புது முகம் என்றால் மனசு கொஞ்சம் உஷாராக இருக்கும். அந்த ஆளால் கெடுதல் ஒன்றும் வராமல் நாட்கள் போகப் போக அந்த உஷார் தளர்ந்துவிடும். பழகிய முகத்தை அடையாளம் காண மூளைக்குச் சிரமமும் இல்லை. இந்த லகுவைத்தான் நாம் விருப்பமாக உணர்கிறோம்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் எண்ணம் நல்லதாகவோ, குறைந்தபட்சம் நடுநிலையாகவோ இருக்க வேண்டும். என் சித்தி மகள் குளச்சலில் இருந்து நாகர்கோவிலுக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். திங்கள்சந்தையில் ஏறும் ஒருவரைப் பற்றி, "அக்கா, அந்த ஆளு வந்தாத்தான் பஸ்ஸே கெளம்புன மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மீன் கூடையோடு ஏறிய ஒரு வயதான அம்மாவைப் பார்த்து அவர் மூக்கைப் பொத்தி, "இதையெல்லாம் எதுக்கு ஏத்துறீங்க?" என்று கண்டக்டரிடம் சத்தம் போட்டிருக்கிறார். இவளுடைய அம்மாவும் கூடை சுமந்து மீன் விற்றவர்தான். அன்றைக்கே விட்டுப்போச்சு. அதைவிட, அதற்குப் பிறகு தினமும் அவரைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியதே தவிர குறையவில்லை. அவர் செண்ட் அடிப்பது, போனில் உரக்கப் பேசுவது எல்லாம் புதிதாகக் கண்ணை உறுத்தின.

இதற்கும் ஆய்வு உண்டு. கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பில் எப்சன் குழுவினர் 1976இல் வெளியிட்ட ஆய்வில், நண்பர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் பக்கத்திலேயேதான் குடியிருந்தார்கள். சத்தம், வண்டி நிறுத்தும் தகராறு எல்லாம் அயல்வீட்டில் இருந்துதானே வரும். நம் ஊரில் மதில் தாண்டி விழும் பலா இலைக்கு எத்தனை வருஷம் பேசாமல் இருக்கிறார்கள்! பக்கத்தில் இருப்பது விருப்பை வளர்ப்பது போலவே வெறுப்பையும் வளர்க்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் தெரிவது அவர் முகமும் உட்காரும் விதமும் மட்டும். மற்றதெல்லாம் நீங்கள் நிரப்பியது. அவர் வராத அன்று தேடுவது அவரையா, அந்தக் காலைப் பொழுதின் பழக்கத்தையா என்று பாருங்கள். வேறு நேரத்துக்கு வேலை மாறியோ லீவில் வீட்டிலோ இருக்கும்போதும் அவர் ஞாபகம் வருகிறதா? பஸ் நேரத்தில் மட்டும் வந்து மறைந்தால் அது பழக்கம்தான். வருகிறது என்றால், டிக்கெட்டுக்குச் சில்லறை கேட்கிற சாக்கிலாவது இரண்டு வார்த்தை பேசுங்கள். கண்டக்டரிடமும், இடம் கேட்டு நிற்கும் பெரியவர்களிடமும் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். இத்தனை நாள் பார்த்ததில் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.