அரிவாள்மனையை மறைத்து வைக்கும் தாய்: பேறுகாலச் செவிலியர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கிராம சுகாதாரச் செவிலியர், ஏற்காடு): பிரசவமாகி மூன்று வாரமான ஒரு தாய், அரிவாள்மனையைப் பார்த்தாலே குழந்தையை வெட்டிவிடுவேனோ என்று அழுகிறார். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிடச் சொல்லலாமா, மேடம்?

பதில்: அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள், முதலில் அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். குழந்தை பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, தானே குழந்தைக்குத் தீங்கு செய்வது போன்ற எண்ணம் ஒரு முறையாவது வந்து போகிறது என்பதைச் சொல்லிவிட்டே கேள்வியைத் தொடங்கினால், அவர் மறைக்காமல் பேசுவார். அந்த எண்ணம் வந்ததும் மனம் என்ன பாடுபடுகிறது, அதைத் தடுக்க என்னென்ன செய்கிறார், ஒரு நாளில் எவ்வளவு நேரம் அதிலேயே போகிறது என்று கேளுங்கள். அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிட்டேன், குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டுவதில்லை, இரவெல்லாம் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன் என்று அவர் சொன்னால், அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் போக்கு. அந்த எண்ணத்தைக் கண்டு அவர் நடுங்குவது, அது அவருடைய விருப்பம் அல்ல என்பதற்கு முக்கியமான அடையாளம்.

கேள்வி (செவிலியர், சேலம்): அப்படிப்பட்டவர்கள் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை என்று படித்தேன். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலில் மதிப்பெண் குறைவாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் அல்லவா?

பதில்: முதல் பாதி சரி, இரண்டாவது பாதி ஆபத்தானது. அந்த அளவுகோலின் 10 கேள்விகளில் கடைசிக் கேள்வி தாய் தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. குழந்தையைப் பற்றிய எண்ணத்தை எந்தக் கேள்வியும் தொடவில்லை. தூக்கமே இல்லாமல் சோர்வும் தெரியாமல் இருப்பது, பேச்சுக் குழப்பம், கட்டளையிடும் குரல், குழந்தைக்குள் ஏதோ புகுந்திருக்கிறது என்ற உறுதியான நம்பிக்கை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது பிரசவத்துக்குப் பிந்தைய தீவிர மனநோயாக இருக்கலாம். 1000 பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் வரும். அவரைக் குழந்தையோடு தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும்.

கேள்வி (செவிலியர், வாழப்பாடி): எனக்கே தலைச்சன் பிள்ளையின் போது இப்படி இருந்தது. தலைமாட்டில் வைத்திருந்த கத்தியை எடுத்ததும் சரியாகிவிட்டது. அதையே சொல்கிறேன்.

பதில்: தானாகவே தணிபவர்களும் உண்டு, அம்மா, உங்களுக்கு அப்படி இருந்திருக்கலாம். நோயாக மாறியவருக்கோ, கத்தியை மறைத்தால் கிடைக்கும் நிம்மதி சற்று நேரத்துக்குத்தான். பிறகு ஊசியும் கத்தரிக்கோலும் பயமுறுத்தத் தொடங்கும். வற்புறுத்தி அதைக் கையில் கொடுப்பதும் தவறு. படிப்படியாகப் பழக்குவது பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரின் பணி. தேவைப்பட்டால் மருத்துவர் செர்ட்ராலின் தருவார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே அதை உட்கொள்ளலாம், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

கேள்வி (ஏற்காடு செவிலியரே): “நான் செய்துவிட மாட்டேனே, சிஸ்டர்?” என்று ஓயாமல் போனில் கேட்கிறார். ஆறுதல் சொல்லாமல் எப்படி இருப்பது? மாமியாரிடம் சொல்லவா?

பதில்: ஒரு முறை முழுமையாக விளக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு அழைப்புக்கும் “மாட்டீர்கள்” என்று சொன்னால், கேட்பதே அவருக்கு ஒரு சடங்காகிவிடும். “இதைப் பேசிவிட்டோம், இப்போது கேட்பது நோய், அந்தப் பயத்தோடு கொஞ்சம் இருந்து பாருங்கள்” என்று கனிவோடு நிறுத்துங்கள். இரவில் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசலாம். மாமியாரிடம், அந்தத் தாய் சம்மதித்தால் மட்டும், அந்தத் தாயின் முன்னிலையிலேயே சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்பது அந்த வீட்டைப் பொறுத்தது. நான் கணவரிடமிருந்து தொடங்குவேன், என் சக மருத்துவர்கள் சிலர் அதையும் ஏற்பதில்லை.