ரிங் லைட் வாங்குவதற்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள்

கேள்வி: வீட்டிலேயே ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்கிறேன். வாரம் ஒருமுறை போனில் பேசி வீடியோ போடுகிறேன். முகம் கருப்பாக விழுகிறது. "வேற யாரையோ பார்த்துப் பேசுற மாதிரி இருக்கு" என்றும் சொல்கிறார்கள். கடையில் ஸ்டாண்டோடு ரிங் லைட் 2,500 ரூபாய் சொன்னார்கள். வாங்கட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் அனுப்பிய அரை நிமிட வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். உங்களுக்குப் பின்னால் ஜன்னல். வெளியே நிற்கும் செம்பருத்தியில் பூவை எண்ணிவிடலாம். உங்கள் முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. போன் கேமரா மொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பின்னால் பளீரென்று வெயில் இருந்தால் அதைக் குறைக்கப் போய் முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும். அந்த ஜன்னலோடு பகலில் போட்டி போட ரிங் லைட்டால் முடியாது. போதாக்குறைக்கு, உங்கள் கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் வேறு தெரியும்.

நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஜன்னலுக்கும் உங்களுக்கும் மூன்று, நான்கு அடி இருக்கட்டும். நேருக்கு நேராக உட்கார்ந்தால் முகம் தட்டையாகத் தெரியும். வெளிச்சம் ஒரு கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும்படி சற்றே சாய்வாக உட்காருங்கள். மறு கன்னம் ரொம்ப இருண்டால் அந்தப் பக்கம் படத்தில் தெரியாத இடத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். கண்ணாடியில் ஜன்னல் பளபளத்தால், அது மறையும் வரை உடம்பை இன்னும் கொஞ்சம் திருப்புங்கள்.

வெயில் நேராக உள்ளே அடித்தால் மூக்கு நிழல் கத்தி மாதிரி உதட்டில் விழும். மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டினால் போதும், வெளிச்சம் பரவி வரும். வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது என்பார்கள். நம் ஊரில் அதை முழுசாக நம்ப வேண்டாம். மே, ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் அங்கேயும் வெயில் எட்டிப் பார்க்கும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் அதுவும் கலந்தால் முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம்.

பேசும்போது மேகம் வந்து போனால் படம் திடீரென்று வெளுக்கும், கறுக்கும். தொடங்குமுன் திரையில் உங்கள் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு பூட்டு அடையாளமோ `AE/AF LOCK` என்றோ வரும். அதற்குப் பிறகு போன் தானாக வெளிச்சத்தை மாற்றாது.

அடுத்தது உயரம். போனை மேஜையில் சாய்த்து வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனே சொல்கிறது. என் முதல் வீடியோவிலும் இதே கதைதான்: சொம்பில் சாய்த்த போன், முகத்தை முந்திக்கொண்டு மூக்குத் துவாரம். லென்ஸ் உங்கள் கண் மட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அது தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி. மேஜைமேல் அரிசி டின்னை வைத்து, அதன்மேல் போனை நிமிர்த்தி வைத்தாலே வந்துவிடும். போன் சாயாமல் செங்குத்தாக நிற்கட்டும்.

"வேற யாரையோ" என்ற புகாருக்குக் காரணம், நீங்கள் திரையில் உங்களையே பார்த்துப் பேசுவது. போனைப் படுக்கவைத்து எடுக்கிறீர்கள். அப்போது முன்பக்க லென்ஸ் ஓரத்துக்குப் போய்விடும், உங்கள் பார்வை பக்கவாட்டில் விழும். நிமிர்த்தி வைத்தால் லென்ஸ் மேலே வரும். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி அதைப் பார்த்துப் பேசுங்கள், லென்ஸை மட்டும் மூடிவிடாதீர்கள். கூடவே போனை மூன்று, நான்கு அடி தள்ளி வையுங்கள். ஒரு அடி தூரத்தில் பார்வை இரண்டு விரற்கடை விலகினாலும் தெரியும். நான்கு அடியில் அவ்வளவாகத் தெரியாது. கிட்டத்தில் வைத்தால் மூக்கு பெருக்கிற தொல்லையும் இதில் போய்விடும். தள்ளி வைப்பதால் குரல் மெலியும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

ராத்திரியில்தான் எடுக்க முடியும் என்றால் விளக்கு தேவைப்படும், அது வேறு கணக்கு. பகலில் எடுப்பவருக்குக் காசு போடத் தகுந்தது ஒரு ட்ரைபாட். பெட்டியில் போட்டிருக்கும் உயரம் நடுத்தண்டை முழுக்க இழுத்துவிட்ட உயரமாக இருக்கலாம். அந்த நிலையில் மலிவானவை ஆடும். கடையிலேயே கால்களை மட்டும் நீட்டி உங்கள் போனை மாட்டுங்கள். நான்கு அடி வருகிறதா பாருங்கள். பிறகு விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். மூன்று எண்ணுவதற்குள் ஆட்டம் நிற்கவில்லை என்றால் அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.