2024 அக்டோபரில் எங்கள் பக்கத்தின் எங்கேஜ்மென்ட் 2023 அக்டோபரைவிட 25% அதிகம். இது வளர்ச்சியா, தீபாவளி வேகமா?

பாதிக்கு மேல் தீபாவளியாகத்தான் இருக்கும். செப்டம்பரை விட்டுவிட்டுப் போன வருஷ அக்டோபரோடு ஒப்பிட்டது சரிதான், ஆனால் அது போதாது. 2023-ல் தீபாவளி நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31. பண்டிகைக்கு முந்தைய பரபரப்பான நாட்கள் ஒரு வருஷம் நவம்பரிலும் மறு வருஷம் அக்டோபரிலும் விழுந்துவிட்டன. பொங்கலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது சூரியக் கணக்கு.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சாதாரண நாளில் 2023-ல் 10,000, 2024-ல் 11,000 எங்கேஜ்மென்ட். பண்டிகை நாட்களில் இரண்டு வருஷமும் 1.4 மடங்கு. அதாவது உண்மையான வளர்ச்சி 10%. தீபாவளிக்கு 20 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை பண்டிகைக் காலம் என்று வைத்தால், 2023 அக்டோபரில் அதில் 9 நாள்தான் வரும். 2024 அக்டோபரில் 21 நாள். தினசரி சராசரி 11,161-லிருந்து 13,981 ஆகும், 25% ஏற்றம். அதே பக்கம் நவம்பரில் 4% இறக்கம் காட்டும். அக்டோபரில் கைதட்டியவர்களே நவம்பரில் "என்ன ஆச்சு?" என்று கேட்பது இதனால்தான்.

எனவே மாதத்தை மறந்துவிட்டு, பண்டிகையிலிருந்து நாட்களை எண்ணுங்கள். A-ல் தேதி, B-ல் அன்றைய எங்கேஜ்மென்ட், H1-ல் தீபாவளித் தேதி. C2-ல் முதல் வரியைப் போட்டுக் கீழே இழுங்கள், இரண்டாவது சராசரிக்கு. ஒவ்வொரு வருஷத்துக்கும் தனி ஷீட்.

```
=A2-$H$1
=AVERAGEIFS(B:B,C:C,">=-20",C:C,"<=7")
```

28 நாள் எடுப்பதற்குக் காரணம் உண்டு: எல்லாக் கிழமையும் சரியாக நான்கு முறை வரும். 2023-ல் தீபாவளி ஞாயிறு, 2024-ல் வியாழன். 30 நாள் எடுத்தால் ஒரு வருஷத்தில் ஒரு ஞாயிறு கூடிவிடலாம். ஆயுத பூஜையும் அதே சந்திரக் கணக்கு என்பதால் இரண்டு வருஷமும் இந்த 28 நாளுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

அடுத்து, நவராத்திரிக்கு முன்பே முடிகிற ஒரு 28 நாளை, தீபாவளியிலிருந்து அதே தூரத்தில், இரண்டு வருஷத்துக்கும் எடுங்கள். வளர்ச்சியை இங்கேதான் பார்க்க வேண்டும். பண்டிகைச் சராசரியை இதால் வகுத்தால் வரும் மடங்கு இரண்டு வருஷமும் ஒன்றாக இருந்தால், பண்டிகை புதிதாக எதையும் தரவில்லை. மடங்கு கூடியிருந்தால் உடனே கொண்டாடாதீர்கள். விளம்பரச் செலவு கூடியதா, வாழ்த்துப் பதிவுகள் அதிகம் போட்டீர்களா என்று பாருங்கள். காசு கொடுத்து வந்ததைக் கழிக்காமல் இந்தக் கணக்கு செல்லாது.

"இரண்டு வருஷத் தரவை வைத்து என்ன சொல்ல முடியும்?" என்று யாராவது வருவார்கள். மடங்கை உறுதியாகச் சொல்ல அது போதாதுதான், மூன்று நான்கு வருஷம் இருந்தால் நல்லது. ஆனால் 25% வளர்ச்சி என்று ரிப்போர்ட்டில் எழுதாமல் இருக்க இதுவே போதும்.