ஏர் ஹோஸ்டஸா, கேபின் க்ரூவா? சேர்மனா, சேர்பெர்சனா?

"என் மகள் விமான நிறுவன வேலைக்கு விண்ணப்பிக்கிறாள். பயோடேட்டாவில் 'ஏர் ஹோஸ்டஸ்' என்று போடுவதா, 'ஃப்ளைட் அட்டெண்டன்ட்' என்றா? பயிற்சி நிலையத்தில், 'மேன் என்று வரும் இடமெல்லாம் பெர்சன் ஆக்கித் தருகிறோம், 4,000 ரூபாய்' என்கிறார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் இப்போது தலைவி. லெட்டர்ஹெட்டில் 'சேர்மன்' என்று இருக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா? இந்தச் சொற்களெல்லாம் ஏன் மாறின?"
- ஒரு வாசகி, தாம்பரம்

முதலில் அந்த 4,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் திருப்பிக் கேளுங்கள்.

மகள் விஷயம் சுலபம். எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறாரோ, அதன் விளம்பரத்தில் உள்ள சொல்லை அப்படியே போடச் சொல்லுங்கள். நம் ஊரிலும் வளைகுடாவிலும் பெரும்பாலும் 'கேபின் க்ரூ' என்றிருக்கும். 'ஃப்ளைட் அட்டெண்டன்ட்' அமெரிக்க விமான விதிகளில் உள்ள சொல். இரண்டும் ஆண், பெண் இருவருக்கும் பொது. 'ஏர் ஹோஸ்டஸ்' வீட்டுப் பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், விண்ணப்பத்தில் வேண்டாம்.

யாரோ நாலு பேர் நாகரிகத்துக்காக மாற்றிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வேலையின் விதிகள் மாறின, சொல் பின்னால் வந்தது. 1930-இல் அமெரிக்காவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எலன் சர்ச் என்ற செவிலியரை விமானத்தில் பணிக்கு எடுத்தது. அதிலிருந்து 'ஸ்டுவர்டஸ்', அதாவது விமானப் பணிப்பெண் என்றால், இளம்பெண், மணமாகாதவர் என்றே ஆகிவிட்டது. கல்யாணம் ஆனால் வேலை போய்விடும். சில நிறுவனங்களில் 32 வயதானாலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

1964-இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம், ஆண் பெண் பார்த்து வேலை தரக் கூடாது என்றது. பெண்கள் வழக்குப் போட்டார்கள். ஆனால் சொல்லை அசைத்ததில் ஓர் ஆணுக்கும் பங்கு உண்டு. செலியோ டியாஸ் என்பவர் பான் ஆம் நிறுவனத்தில் இந்த வேலைக்கு விண்ணப்பித்தார். பெண்களை மட்டும்தான் எடுப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். பயணிகளுக்குப் பெண்களைத்தான் பிடிக்கிறது, பதற்றத்தில் இருப்பவர்களை ஆறுதல்படுத்தப் பெண்களால்தான் முடியும் என்பது நிறுவனத்தின் வாதம். அதற்கு ஒரு மனநல மருத்துவரைச் சாட்சிக்கே கூட்டிவந்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் டியாஸ் தோற்றார். 1971-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார். பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதுதான் விமான நிறுவனத்தின் வேலை, இதமான சூழல் அதற்கு அடுத்ததுதான் என்றது நீதிமன்றம்.

அப்புறம் என்ன, ஆண்களும் அதே சீருடையில், அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர்களை 'ஸ்டுவர்டஸ்' என்று எப்படிக் கூப்பிடுவது? ஒரே வேலைக்கு இரண்டு பெயர் வைத்தால், நாளைக்கு இரண்டு சம்பளம், இரண்டு ஓய்வு வயது என்று பழைய கதை திரும்பிவிடும்.

அந்தக் கதை நம் நாட்டிலேயே நடந்தது. ஏர் இந்தியாவில் அப்போது பெண்களுக்கு 'ஏர் ஹோஸ்டஸ்', ஆண்களுக்கு 'அசிஸ்டென்ட் ஃப்ளைட் பர்சர்' என்று பெயர். விமானத்துக்குள் ஏறக்குறைய ஒரே வேலை. ஆண் 58 வயது வரை இருக்கலாம். பெண்ணுக்கு 35, மேலிடம் மனது வைத்தால் 45 வரை. சேர்ந்து நான்கு ஆண்டுக்குள் திருமணம் செய்தாலும், முதல் முறை கர்ப்பமானாலும் வேலை போய்விடும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை ரத்து செய்தது. 35-க்கு மேல் நீட்டிப்பதை நிர்வாக இயக்குநரின் இஷ்டத்துக்கு விட்டதையும் ரத்து செய்தது. ஆனால் நான்கு ஆண்டுத் திருமணத் தடையை விட்டுவைத்தது. இரண்டு பிரிவினரும் தனித்தனிப் பணித்தொகுதி, எடுக்கும் முறையும் பதவி உயர்வும் வேறு, ஆகவே ஒப்பிட முடியாது என்பது நீதிமன்றத்தின் பார்வை. தனிப் பெயர், தனிப் பட்டியல், தனி விதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். 'பெயரில் என்ன இருக்கிறது' என்று யாராவது கேட்டால் இந்த வழக்கைச் சொல்லுங்கள்.

விளம்பரங்களில் சொல் மாறியதற்குப் பிரிட்டனின் 1975-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு காரணம். 'வெயிட்டர்', 'சேல்ஸ்கேர்ள்', 'போஸ்ட்மேன்', 'ஸ்டுவர்டஸ்' என்று பெயர் சொல்லியே, இப்படி விளம்பரம் கொடுத்தால் பாகுபாடு காட்டும் எண்ணம் இருப்பதாகக் கொள்ளப்படும் என்றது. விளம்பரத்திலேயே இருபாலரும் வரலாம் என்று தெளிவாக்கியிருந்தால் மட்டும் விலக்கு. எத்தனை நிறுவனம் நீதிமன்றத்துக்கு அலையும்? பொதுச் சொல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இப்போது அந்தப் பயிற்சி நிலையம். 'மேன்' எல்லாவற்றையும் 'பெர்சன்' ஆக்குவது கணினியில் ஒரு நிமிட வேலை, அதில்தான் ஆபத்து. அப்படித் 'திருத்திய' ஒரு பயோடேட்டாவில் 'ஹோட்டல் மேனேஜ்மென்ட்' என்பது 'ஹோட்டல் பெர்சனேஜ்மென்ட்' ஆகி என் மேசைக்கு வந்தது. 'மேனேஜ்' என்ற சொல் லத்தீனில் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ஆண்பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைவிட மோசம், பழைய பதவிப் பெயரை மாற்றுவது. அனுபவச் சான்றிதழில் 'சேல்ஸ்மேன்' என்று இருக்கும், பயோடேட்டாவில் 'சேல்ஸ்பெர்சன்' என்று இருக்கும். பின்னணிச் சரிபார்ப்பில் இரண்டும் பொருந்தவில்லை என்று கோப்பு நிற்கும். உங்கள் மகள் படித்த படிப்புக்குச் சான்றிதழில் 'ஏர் ஹோஸ்டஸ் டிரெயினிங்' என்று இருந்தால் அதை அப்படியே எழுத வேண்டும். எந்த வேலை வேண்டும் என்ற வரியில் மட்டும் 'கேபின் க்ரூ' வரட்டும். இன்னொன்று: தேர்வானவர்களுக்கு விமான நிறுவனமே பயிற்சி தரும். 'எங்கள் டிப்ளமோ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் லெட்டர்ஹெட்டுக்கு வருவோம். 'சேர்பெர்சன்' என்ற சொல் 1970களின் தொடக்கத்தில் பரவியது. வெறும் 'சேர்' என்று தலைமை வகிப்பவரைக் குறிப்பது 17-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. இரண்டில் எதுவும் சரிதான். ஒரே நிபந்தனை, உங்களுக்கு அடுத்து ஓர் ஆண் வந்தாலும் அவரும் சேர்பெர்சன்தான். பெண் வந்தால் பெர்சன், ஆண் வந்தால் மேன் என்றால் பழைய பிரிவினையை வேறு சட்டையில் கொண்டுவருகிறீர்கள்.

ஆனால் சட்டம் பெயர் சூட்டிய பதவி வேறு. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். மாநிலங்களவைத் தலைவர், அரசியலமைப்பின் 89-ஆம் பிரிவுப்படி 'சேர்மன்'. நஜ்மா ஹெப்துல்லா அங்கே 'டெபுடி சேர்மன்' ஆகத்தான் இருந்தார். தேசிய மகளிர் ஆணையத்தின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் 'சேர்பெர்சன்' என்கிறது. ஒரே அரசு, இரண்டு சொல், யாரும் உட்கார்ந்து சீராக்கவில்லை. நாம்தான் புத்தகம் பார்த்து எழுத வேண்டும்.

உங்கள் சங்கத்துக்குச் சட்டம் எதுவென்றால், பதிவான துணைவிதிகள். அதில் 'சேர்மன்' என்று இருந்தால், லெட்டர்ஹெட்டை மட்டும் மாற்றாதீர்கள். எங்கள் சங்கத்தில் அந்தத் தப்பைச் செய்தோம். தீர்மானத்தில் 'சேர்மன்', ரப்பர் ஸ்டாம்பில் 'சேர்பெர்சன்'. கையெழுத்து மாற்ற வங்கிக்குப் போனால், 'இது வேறு பதவி' என்று படிவத்தைத் தள்ளிவிட்டார் கவுன்ட்டரில் இருந்தவர். எதிரே நிற்கும் ஆளைப் பார்த்தாவது புரிந்துகொள்ளலாம், ஆனால் அவர் திரையைத்தான் பார்த்தார். மூன்று முறை அலைந்தோம்.

அடுத்த பொதுக்குழுவில் துணைவிதித் திருத்தத்தைச் சிறப்புத் தீர்மானமாக வையுங்கள். நிறைவேறியதும் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். அது பதிவான பிறகு வங்கிக்குப் போங்கள், ஸ்டாம்பு கடைசியில். அதுவரை இருக்கிற லெட்டர்ஹெட்டைத் தீர்த்துவிடுங்கள்.